வாட்டர்மார்க் போட்ட ப்ரூஃப்: ஃப்ளெக்ஸுக்குக் காவல், லோகோவுக்குக் கண்துடைப்பு

டிசைன் தொழிலுக்குப் புதிதாக வந்த நண்பர் ஒருவர் கேட்டார்: "பணம் வருவதற்கு முன்னால் கிளையன்டுக்கு டிசைனை எப்படிக் காட்டுகிறீர்கள்? 72 டி.பி.ஐ. ஆக்கி, மேலே பெயரைப் போட்டு அனுப்பினால் போதுமா?" நெடுநாளாக, கட்டளை அடித்துப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் என்ற மென்பொருளை வைத்து, கிளையன்ட் பார்த்து ஒப்புதல் தருவதற்கான மாதிரிப் படத்தை, அதாவது ப்ரூஃபைத் தயாரித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த 72. இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். டி.பி.ஐ. என்பது இன்ச்சுக்கு எத்தனை புள்ளி என்று கோப்புக்குள் எழுதி வைத்த ஒரு குறிப்பு எண், அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பின் இமேஜ் சைஸ் பெட்டியில் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு 300ஐ 72 ஆக்கினால் ஒரு பிக்சல்கூடக் குறையாது. பிரஸ்காரர் அதே படத்தைத் திறந்து திரும்ப 300 என்று போட்டால் முழுத் தரத்தில் அச்சாகிவிடும். பார்க்க வேண்டியது பிக்சல் எண்ணிக்கையை. எத்தனை பிக்சல் கொடுக்கலாம் என்பது அந்த டிசைன் கடைசியில் எந்த அளவில் பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்தது.

ஒரு இனிப்புக் கடை வேலையை எடுத்துக்கொள்வோம். லோகோ, விசிட்டிங் கார்டு, பத்துக்கு ஆறு அடி ஃப்ளெக்ஸ், இன்ஸ்டாகிராம் போஸ்ட் என நான்கு உருப்படி. நான்குக்கும் ஒரே மாதிரி 1000 பிக்சல் அகலத்தில் ப்ரூஃப் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளெக்ஸ் 120 இன்ச் அகலம். அதில் 1000 பிக்சலைப் பரப்பினால் இன்ச்சுக்கு எட்டுதான் தேறும். எழுத்தின் ஓரமெல்லாம் படிக்கட்டாகத் தெரியும், எந்தக் கடைக்காரரும் அதை வாசலில் கட்ட மாட்டார். ஆனால் விசிட்டிங் கார்டு மூன்றரைக்கு இரண்டு இன்ச். 300 டி.பி.ஐ.யில் அதற்குத் தேவையே 1050க்கு 600 பிக்சல்தான். நாம் 'குறைந்த தரம்' என்று நினைத்து அனுப்பியது இன்ச்சுக்கு 286 பிக்சல். நேராக அச்சடிக்கலாம்! இன்ஸ்டாகிராம் போஸ்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதன் இறுதி அளவே 1080 பிக்சல் என்பதால், ப்ரூஃப்தான் சரக்கு.

அதனால் கார்டுக்கு 400 பிக்சல், ஃப்ளெக்ஸுக்கு 1000 வரை, போஸ்டுக்கு 500 என்று வைத்திருக்கிறேன். இந்த வேலையை இமேஜ்மேஜிக் அருமையாகச் செய்கிறது. இரண்டே வரி:

```
magick art.png -background white -alpha remove -resize "400x400>" -strip base.png
magick composite -dissolve 60 -tile mark.png base.png -quality 70 proof.jpg
```

முதல் வரி, பின்னணி இல்லாத லோகோவுக்கு வெள்ளைப் பின்னணி கொடுத்து, அளவைக் குறைத்து, உள்ளே இருக்கும் தகவல்களைத் துடைத்துவிடுகிறது. இரண்டாவது வரி, `mark.png` என்ற, பின்னணி இல்லாத வாட்டர்மார்க்கைப் படம் முழுக்க ஓடுபோல் பதிக்கிறது. `-strip` சொல்லை யாரும் விட்டுவிடக் கூடாது. மூலப் படம் ஜேபெக்காக இருந்தால் அதன் உள்ளே ஒரு குட்டி முன்தோற்றப் படமும் இருக்கலாம். வெளியில் வாட்டர்மார்க் போட்டாலும் சில மென்பொருட்கள் உள்ளே இருக்கும் அந்தக் குட்டிப் படத்தை மாற்றாது. கார்டு, லோகோ மாதிரி சின்ன வேலைக்கு அது ஒரு கசிவு. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தத் தகவல்கள் தானாகவே உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

அளவைச் சுற்றியிருக்கும் மேற்கோள் குறியும் முக்கியம். அது இல்லாவிட்டால் டெர்மினல் அந்த `>` குறியை 'வெளியீட்டைக் கோப்பில் எழுது' என்று எடுத்துக்கொள்ளும். படம் ஒழுங்காகச் சுருங்கி வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் `-strip` வேலை செய்திருக்காது. அதே பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு ஃபோல்டரில் கிடக்கும். அப்படியொரு கோப்பைப் பார்த்தால் அதுவரை தயாரித்த ப்ரூஃப் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டிவிடுங்கள்.

பிடிஎஃப் ஆக அனுப்பலாமே என்பவர்கள் கவனிக்க: இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து நேராக எடுத்த பிடிஎஃபில் வாட்டர்மார்க் ஒரு தனிப் பொருளாக உட்கார்ந்திருக்கும். கோரல்டிராவில் திறந்து அதைத் தேர்ந்தெடுத்து டெலிட் அடித்தால், கீழே முழு வெக்டர் டிசைன் பத்திரமாக இருக்கும். பாஸ்வேர்டு போட்டு எடிட்டிங்கைத் தடுத்தாலும், திறந்து பார்க்க முடிகிற பிடிஎஃபில் அந்தத் தடையை எளிதில் நீக்கிவிடலாம். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் முதலில் படமாக்கி, அந்தப் படத்தை பிடிஎஃபுக்குள் வையுங்கள்.

இனி என் தீராத எரிச்சல்: லோகோ.

இரண்டு வண்ண லோகோவுக்குப் பிக்சலைக் குறைப்பதால் ஒரு பயனும் இல்லை. 400 பிக்சல் லோகோவைக்கூட இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் ட்ரேஸிலோ கோரலின் பவர்ட்ரேஸிலோ போட்டால் சுத்தமான வெக்டராக வந்துவிடும். பிறகு அதைக் கார்டிலும் அடிக்கலாம், ஃப்ளெக்ஸிலும் அடிக்கலாம். ஆக, முழுப் பாரமும் வாட்டர்மார்க் தலையில் விழுகிறது. பலரும் போடுகிற வாட்டர்மார்க்கோ, வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து. நம் இனிப்புக் கடை லோகோ அரக்குச் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். வெளிர் சாம்பலுக்கும் அரக்குக்கும் இடையே அவ்வளவு பெரிய இடைவெளி இருக்கிறது. ஃபோட்டோஷாப்பின் லெவல்ஸில் வெள்ளை முனையை இடப்பக்கம் தள்ளினால் பின்னணியில் உள்ள சாம்பல் முழுக்க வெள்ளையாகிவிடும். அரக்கு மேல் விழுந்த சாம்பல் அதை லேசாக வெளுக்கச் செய்திருக்கும். கறுப்பு முனையை வலப்பக்கம் தள்ளினால் அதுவும் அடங்கிவிடும். ஃபோனில் கான்ட்ராஸ்டைக் கூட்டினாலே பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஓரளவு தாக்குப்பிடிப்பது வேறொரு முறை. வாட்டர்மார்க்கை லோகோவின் அதே அரக்கு நிறத்தில், மங்கலாக இல்லாமல் அடர்த்தியாகப் போட வேண்டும். கூடவே வெள்ளைக் கோடுகளும் வேண்டும். அரக்குக் கோடு பின்னணியில் ஓடி லோகோவின் ஓரத்தில் முட்ட வேண்டும், வெள்ளைக் கோடு லோகோவின் உடம்பை வெட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போது ட்ரேஸ் செய்தால் எழுத்தும் கோடும் ஒரே உருவமாக ஒட்டிக்கொண்டு வரும். பிரித்தெடுக்க ஒவ்வொரு முனையையும் கையால் திருத்த வேண்டும். இதற்கு மேலே சொன்ன கட்டளையில் `-dissolve 60`ஐ 100 ஆக்குங்கள். 400 பிக்சல் படத்தில் கோடு மூன்று பிக்சலுக்குக் குறையக் கூடாது. அதைவிட மெலிந்தால் வாட்ஸ்அப்பின் சுருக்கத்தில் கரைந்துவிடும். ஓரங்களை மட்டும் நம்பவும் கூடாது. கிளையன்ட் ப்ரூஃபைத் தன் டிபியாக வைத்தால் வட்டத்துக்கு வெளியே உள்ள எல்லாம் வெட்டுப்படும். கோடு நடுவே போக வேண்டும்.

இப்படிச் செய்தால் லோகோ பார்க்கச் சகிக்காது. கிளையன்டைக் குற்றம் சொல்ல முடியாது. கீறல் விழுந்த படத்தைக் காட்டி 'அழகாக இருக்கிறதா' என்று கேட்பது நியாயமில்லைதான். அதனால் கூடவே, கடைப் பலகையில் மாட்டியதுபோல் சாய்வான கோணத்தில், நிழலும் வெளிச்சமும் விழுந்த ஒரு மாக்கப்பை அனுப்புகிறேன். கோணத்தால் உருவம் கோணி, நிழலால் வண்ணம் ஏறி இறங்கி இருப்பதால் ட்ரேஸ் ஒழுங்காக வராது. ரசிக்க மாக்கப், வடிவத்தைச் சரிபார்க்கக் கீறல் போட்ட படம். இந்த ஜோடி மட்டும்தான் எனக்கு லோகோ வேலையில் திருப்தி தந்தது.

தமிழ் டிசைனுக்கு இன்னொரு சிக்கல், புள்ளி. விசிட்டிங் கார்டை 400 பிக்சலாக்கினால் ஏழு பாயின்ட் எழுத்தின் மொத்த உயரமே சுமார் பதினொரு பிக்சல். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒரு பிக்சல் கிடைத்தால் பெரிது. ஜேபெக் அதையும் கலைத்துவிடும். 'க'வா 'க்'கா என்று கிளையன்ட் எப்படிப் பார்ப்பார்? அச்சான பிறகு பிழை தெரிந்தால் அந்தச் செலவு யார் தலையில்? எழுத்து ப்ரூஃபும் டிசைன் ப்ரூஃபும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பது இதில் எனக்குக் கிடைத்த எதிர்பாராத நிம்மதி. பெயர், முகவரி, ஃபோன் எண் எல்லாவற்றையும் டிசைன் எதுவும் இல்லாமல், அதே ஃபான்டில் வெள்ளைத்தாள் மேல் கறுப்பாகப் பெரிதாக வைத்து, வாட்டர்மார்க் இல்லாமலே அனுப்புகிறேன். அதைத் திருடி யாருக்கும் லாபமில்லை. பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்ததை மெசேஜில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும் என்பதால் இதைப் படமாக அனுப்புவதே சரி. கல்யாணப் பத்திரிகைக்கும் இதே முறைதான்: முகூர்த்த நேரமும் பெரியவர்கள் பெயரும் தனித்தாளில், அலங்காரம் தனிப் படத்தில்.

கல்யாண ஆல்பம்போல் நூற்றுக்கணக்கில் படம் அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. எல்லாப் படத்திலும் ஒரே வாட்டர்மார்க் இருந்தால், படங்களை ஒப்பிட்டு வாட்டர்மார்க்கை மட்டும் தானாகப் பிரித்து நீக்கலாம் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். இடத்தை மாற்றுவதோ அடர்த்தியை மாற்றுவதோ பெரிதாக உதவவில்லை. படத்துக்குப் படம் வாட்டர்மார்க்கின் வடிவத்தை லேசாக நெளித்தால் நீக்கும்போது சுவடு மிஞ்சுகிறது என்றும் சொன்னார்கள். அதற்கு ஒரு வரி போதும். எண்களைப் படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளுங்கள்:

```
magick mark.png -background none -wave 3x130 mark2.png
```

மூன்று லோகோ மாதிரி அனுப்புகிறவருக்கு இது தேவையில்லை.

மதிப்பெண் கேட்டால்: ஃப்ளெக்ஸ், பெரிய போஸ்டர், ஆல்பம் வேலைக்கு ஐந்துக்கு ஐந்து. விசிட்டிங் கார்டு, பத்திரிகைக்கு நான்கு. இன்ஸ்டாகிராம் போஸ்டுக்கு இரண்டு. 500 பிக்சல் படம் ஃபோன் திரையில் கொஞ்சம் மங்கலாகத் தெரியுமே தவிர, ஓடிவிடும். லோகோவுக்கு ஒன்று. மேலே அத்தனை கோடு போடச் சொன்ன நானே இதைச் சொல்கிறேன். பொறுமையும் கோரலும் உள்ள ஒருவர் ஒரு மாலையில் அதைத் திரும்ப வரைந்துவிடுவார். எந்தக் கட்டளையாலும் அதைத் தடுக்க முடியாது. லோகோவுக்குப் பாதிப் பணம் கைக்கு வராமல் பென்சில் ஸ்கெட்ச் தவிர எதையும் அனுப்பாதீர்கள் என்றுதான் அந்த நண்பரிடமும் சொன்னேன்.