சூப்பர்ட்ரெண்ட்: 7,3 சரியா, 10,3 சரியா, 10,2 சரியா?

சூப்பர்ட்ரெண்ட் என்பது விலை இறங்கும்போது அதற்கு மேலே சிவப்பாகவும், ஏறும்போது கீழே பச்சையாகவும் வரும் ட்ரெண்ட் கோடு. அதில் இரண்டு எண்கள்தான். முதலாவது, விலை சராசரியாக எவ்வளவு அசைகிறது என்று சொல்லும் ஏ.டி.ஆர். எத்தனை கேண்டில்களின் சராசரி என்பது. இரண்டாவது, அந்த ஏ.டி.ஆரை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது. டிரேடிங்வியூவில் 10,3 தானாகவே வரும், ஜெரோதாவின் கைட்டில் உள்ள சார்ட்ஐக்யூ சார்ட்டில் 7,3 வரும். வேகமான சிக்னல் தேடுபவர்கள் 10,2 வைக்கிறார்கள். இந்த மூன்றில் நான் 10,3 பக்கம். ஏன் என்பதை ஒரே சார்ட்டில் பார்த்துவிடலாம்.

நிஃப்டி 15 நிமிட சார்ட், ஏ.டி.ஆர். 40 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். விலை இறங்கி வருகிறது. மிகக் கீழே வந்த கேண்டிலின் நடுப்புள்ளி, அதாவது ஹை, லோ இரண்டின் சராசரி, 24,500. சிவப்புக் கோடு அதற்கு மேல் பெருக்கல் எண் × ஏ.டி.ஆர். தூரத்தில் நிற்கும்: 10,2-க்கு 24,580, 10,3-க்கு 24,620. கோட்டுக்கு மேலே ஒரு கேண்டில் முடிந்தால் நிறம் பச்சையாகும். ஆக, பெருக்கல் எண் சொல்வது ஒன்றுதான்: எவ்வளவு பெரிய எதிர் அசைவு வரை கண்டுகொள்ளாமல் இருக்கப் போகிறீர்கள் என்பது.

இப்போது விலை ஏறி 24,590-இல் முடிகிறது. 10,2 பை சிக்னல் தருகிறது, 10,3 அசையவில்லை. 10,2-ஐ நம்பி வாங்கியவருக்குப் புதிய பச்சைக் கோடு எங்கே? அந்த கேண்டிலின் நடுப்புள்ளி 24,580 என்றால், 80 கழித்து 24,500. வாங்கிய விலையிலிருந்து ஸ்டாப்லாஸ் 90 புள்ளி கீழே. மார்க்கெட் சைடுவேஸாக இருந்து 24,490-இல் ஒரு கேண்டில் முடிந்தால் செல், 100 புள்ளி நஷ்டம். அந்த கேண்டிலின் நடுப்புள்ளி 24,505 என்றால் சிவப்புக் கோடு 24,585-க்கு வந்துவிடும். மறுபடி 24,590-இல் முடிந்தால் பை, இன்னொரு 100. நிஃப்டி நகர்ந்தது அதே 100 புள்ளிக்குள்தான், கையிலிருந்து போனது 200 புள்ளி, புரோக்கரேஜ் தனி. 10,3 வைத்தவருக்கு இவ்வளவு நேரமும் கோடு 24,620-லேயே இருந்தது.

7,3-க்கும் 10,3-க்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் மதிய நேரத்தில் அது தெரியும். கோடு விலையை நோக்கி மட்டுமே நகரும், ட்ரெண்ட் மாறும் வரை விலகிப் போகாது. எனவே விலை சும்மா நின்றாலும், ஏ.டி.ஆர். சுருங்கினால் கோடு நெருங்கி வரும். மேலே சொன்ன சார்ட்டிலேயே, 24,505 அருகில் இரண்டு மணி நேரம், 8 கேண்டில், 20 புள்ளி அளவிலேயே அடங்கிக் கிடக்கிறது என்று கொள்வோம். பழைய கேண்டில்களின் தாக்கமும் சராசரியில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்பதால், 7 வைத்தால் ஏ.டி.ஆர். 26 அளவுக்கு இறங்கிவிடும், 10 வைத்தால் 29 அருகில் இருக்கும். கோடுகள் முறையே 24,582, 24,591. அதே 24,590-இல் கேண்டில் முடிந்தால் 7,3 திரும்பிவிடுகிறது, 10,3 நூலிழையில் தப்பிக்கிறது. இங்கே எண்ணை மாற்றிப் பெரிய பலன் இல்லை. விலை நகராமல் கோடு மட்டும் நெருங்கி வருவது கண்ணில் பட்டால், அடுத்து வரும் சிக்னல் ட்ரெண்டைவிட ஏ.டி.ஆர். சுருங்கியதால் வந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிடுங்கள்.

எந்த செட்டிங்காக இருந்தாலும் கேண்டில் முடியும் முன் வரும் நிறமாற்றம் கணக்கில் சேராது, முடிவதற்குள் மறைந்தும் போகும். அலர்ட் வைப்பவர்கள் `Once Per Bar Close` தேர்வு செய்ய வேண்டும்.

அடுத்து, என்ட்ரி. திரும்பிய கேண்டில் முடிந்ததும் வாங்குவது ஒரு வழி, கோட்டை நோக்கி விலை கொஞ்சம் இறங்கக் காத்திருப்பது இன்னொரு வழி. 24,590-இல் வாங்கினால் 90 புள்ளி ரிஸ்க், 24,550 வரை பொறுத்தால் 50. வேகமான ஏற்றத்தில் இறக்கமே கிடைக்காமல் வாய்ப்பு நழுவும் என்பது உண்மை. அப்போதும் துரத்த வேண்டாம் என்பேன். துரத்தியே ஆக வேண்டுமென்றால் அளவைப் பாதியாக்குங்கள், ஏனென்றால் சிக்னல் வரும் கணத்தில்தான் கோடு பெரும்பாலும் விலையிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிக சிக்னல்களை வடிகட்டுவது ஒரு மணி நேர சார்ட். அதிலும் 10,3 வையுங்கள். அது சிவப்பாக இருக்கும்போது 15 நிமிட சார்ட்டில் வரும் பச்சை, கையில் உள்ள ஷார்ட்டை மூடுவதற்கு மட்டும். புதிதாக வாங்குவதற்கு அல்ல. இரண்டும் ஒரே நிறமானால் மட்டுமே என்ட்ரி. ஒரு மணி நேர கேண்டிலும் முடிந்திருக்க வேண்டும், அதாவது முதல் பதில் 10:15-க்குத்தான்.

இதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதல்ல. ஒரு மணி நேர ஏ.டி.ஆர். சுமார் 80 என்று வைத்தால், அதன் கோடு அடிமட்டத்திலிருந்து 240 புள்ளி மேலே, 24,740 அருகில் இருக்கும். 24,500-இல் உண்மையாகவே மார்க்கெட் திரும்பியிருந்தால், அந்த முதல் 240 புள்ளி இந்த முறையில் உங்களுக்குக் கிடைக்காது.