குறட்டைக்குப் பல்கருவியா, ஒருக்களித்துப் படுப்பதா, எடைக் குறைப்பா?

கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணம். முதல்நாள் இரவு ஆண்கள் எல்லாரும் பட்டாலையில் பாய் விரித்து வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் ஒருவரைச் சுற்றி மட்டும் நாலு பாய்க்கு இடம் காலி. சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரையும் ஓசையை உறிஞ்சுவதில்லை. அந்த வீடுகளில் ஒருவர் விடும் குறட்டை வளவு முழுக்கக் கேட்கும். அடுத்த வாரமே அவர் மனைவியோடு காரைக்குடியில் உள்ள என் பல் மருத்துவமனைக்கு வந்து, "பல்லில் மாட்டுகிற கருவி இருக்கிறதாமே, செய்து கொடுங்கள்" என்றார்.

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் தூக்க ஆய்வின் முடிவைக் கேட்டேன். மதுரையில் எடுத்திருந்தார். மணிக்கு மூன்று முறைதான் மூச்சு தடைபட்டிருந்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால் அது மூச்சுத்தடை நோய் இல்லை. "நடுவில் சத்தம் நின்று, திணறி விழிப்பாரா ஆச்சி?" என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "நிற்கிறதா? அரிசி மில் மாதிரி ஒரே சீராக ஓடும்" என்றார். பகலில் கல்லாவில் உட்கார்ந்து தூங்கி விழுவதும் இல்லை. ஆகவே இது வெறும் குறட்டை. அவருக்குத் தொந்தரவு இல்லை, கேட்பவருக்குத்தான். இனிச் சொல்வதெல்லாம் இப்படிப்பட்டவர்களுக்கு மட்டுமே. மூச்சு நின்று நின்று வருகிறவர் இந்த மூன்றில் ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கூடாது.

கருவி செய்தால் எனக்கு வருமானம். ஆனாலும் அன்றைக்கு அளவெடுக்கவில்லை. கைப்பேசியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்து மூன்று இரவு ஒலிப்பதிவு செய்யச் சொன்னேன். விழிப்பு வரும்போதெல்லாம் அவர் எப்படிப் படுத்திருக்கிறார் என்று ஆச்சி ஒரு நோட்டில் மணியோடு குறிக்க வேண்டும். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதற்குப் பாதி விடை இந்த நோட்டில் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் நாக்கும் உள்நாக்கை ஒட்டிய மென்மையான அண்ணமும் பின்னால் சரிகின்றன. வழி குறுகியதும் அதில் விரைந்து போகும் காற்று சதையைப் படபடக்க வைக்கிறது. ஒருக்களித்தால் அந்தச் சரிவு குறைகிறது. இவருடைய பதிவில் மல்லாந்த நேரமெல்லாம் மில் ஓடியது. இடப்பக்கம் திரும்பியபோது வெறும் மூச்சொலியும் லேசான கரகரப்பும்தான்.

அதனால் முதலில் படுக்கையை மாற்றிப் பார்த்தோம். செலவில்லை, பிடிக்காவிட்டால் மறுநாளே விட்டுவிடலாம். தூங்கிய உடம்பு தானாக மல்லாந்துவிடுவதுதான் சிக்கல். பனியனின் முதுகில் பை தைத்து டென்னிஸ் பந்து வைப்பது பழைய உத்தி. வேலை செய்யும், ஆனால் பெரும்பாலானவர்கள் சில மாதங்களில் பந்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மல்லாந்தால் அதிர்ந்து உணர்த்தும் பட்டைகளும் கிடைக்கின்றன. இவருக்கு முதுகுக்குப் பின்னால் நீளத் திண்டு ஒன்றை அணைவாக வைக்கச் சொன்னேன். தலைக்கு மட்டும் இரண்டு தலையணை அடுக்குவது கூடாது. மோவாய் நெஞ்சில் இடித்து வழி இன்னும் குறுகும். உயர்த்துவதானால் தோளோடு சேர்த்து உயர்த்த வேண்டும். இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் இடது தோள் வலி. வலப்பக்கம் படுக்க அவருக்கு வரவில்லை. திண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டது.

எடையைப் பற்றி நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குறட்டை எடையோடு சேர்ந்து வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா? இவருக்கு வயது 48, எடை 82 கிலோ. பத்தாண்டுகளுக்கு முன் 70. குறட்டை வந்தது கடைசி ஐந்து வருடத்தில், இடுப்பு பெல்ட்டில் புது ஓட்டை போட்ட காலத்தில். கொழுப்பு கழுத்திலும் தொண்டைச் சுவரிலும் நாக்குக்குள்ளும்கூடச் சேர்கிறது. அப்படியானவர்களுக்கு எடைக் குறைப்பு வேரிலேயே கை வைக்கிறது. குறட்டை விடும் ஆண்களை வைத்து 1995-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், மூன்று கிலோ குறைந்தவர்களுக்கே சத்தம் குறைந்தது. ஏழு கிலோவுக்கு மேல் குறைந்தவர்களுக்கு ஏறத்தாழ நின்றேவிட்டது. ஆனால் ஒல்லியாக, சிறிய தாடையோடு, இருபது வயதிலிருந்தே குறட்டை விடுகிறவரைப் பட்டினி போட்டுப் பயனில்லை. இவருக்குப் பொருந்தும், கடை அடைத்துவிட்டுப் பத்தரை மணிக்குத் தோசையும் கறிக்குழம்பும் சாப்பிடுவதை எட்டு மணிக்கு மாற்றி அளவைக் குறைப்பதாக ஒத்துக்கொண்டார். ஆனால் பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதுவரை ஆச்சி எங்கே தூங்குவது?

கருவியின் இடம் அதுதான். மேல் பல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என இரண்டு தகடுகள். இரண்டையும் இணைத்துக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்து நிறுத்துகிறோம். தாடையோடு நாக்கும் முன்வருவதால் பின்னால் இடம் பிறக்கிறது. மூன்றில் இதுவே விரைவானது, பெரும்பாலும் நிச்சயமானதும்கூட. விலை பல ஆயிரம். வெந்நீரில் இளக்கிக் கடித்து வைக்கும் மலிவான கருவிகளைச் சோதனைக்கு ஓரிரு வாரம் போட்டுப் பார்க்கலாம். நீண்ட காலத்துக்கு அவை பல்லில் சரியாக உட்காருவதில்லை.

எல்லார் வாயும் இதை ஏற்காது. ஒவ்வொரு வரிசையிலும் ஆடாத பல் எட்டுப் பத்தாவது வேண்டும். பல வருடம் பாக்கு மென்றவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்போல இறுகி, வாயில் மூன்று விரல் நுழையாது. அளவெடுக்கும் தட்டே உள்ளே போகாது. அவர்களுக்குக் குறட்டையைவிட முதலில் பார்க்க வேண்டியது அந்த இறுக்கம், அது புற்றுநோய்க்கு முன்னோடியாகலாம்.

இவருக்குப் பல் நன்றாக இருந்தது. தாடையை முழுதாக முன்தள்ளினால் ஒன்பது மில்லிமீட்டர் வந்தது. ஐந்தில் தொடங்கி வாரத்துக்கு அரை மில்லிமீட்டராக நகர்த்தினேன். ஆறரையில் ஆச்சி போதும் என்றார். அதற்கு மேல் இழுத்தால் சத்தம் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கலாம், ஆனால் தாடை மூட்டு வலிக்கத் தொடங்கும். வெறும் குறட்டைக்காக அந்த விலை கொடுக்கத் தேவையில்லை. முதல் வாரம் எச்சில் ஒழுகியது. காலையில் கடைவாய்ப் பற்கள் சேராமல் பணியாரத்தை முன்பல்லாலேயே கடித்ததாகச் சொன்னார். அரைமணியில் அது சரியாக வேண்டும். கருவியைக் கழற்றியதும் தாடையைப் பின்னுக்குக் கொண்டுவந்து கடைவாயால் அழுத்திக் கடிக்கும் பயிற்சி கொடுத்தேன். மதியம் வரை சேராவிட்டால் என்னிடம் வர வேண்டும். ஆண்டுக்கணக்கில் போட்டால் பற்கள் மெல்ல இடம் மாறும் என்பதையும், அது சில வேளை திரும்பாது என்பதையும் முன்பே சொல்லியிருந்தேன். இதனால்தான் கருவியை முதலாவதாகத் தர எனக்கு மனம் வருவதில்லை.

எட்டு மாதம் கழித்து ஐந்து கிலோ குறைந்து வந்தார். "இனி இதை விட்டுவிடலாமா?" மூச்சுத்தடை உள்ளவரிடம் அப்படிச் சொல்ல முடியாது, இவரிடம் சொல்லலாம், ஓர் இரவு விட்டால் இழப்பு ஒன்றுமில்லை. கருவி இல்லாமல் மீண்டும் மூன்று இரவு பதியச் சொன்னேன். மல்லாந்தால் இன்னும் கேட்டது, பாதி அளவில். இடப்பக்கம் ஒன்றுமில்லை. தோள் வலிக்காமலிருக்க மேல்கைக்குச் சிறு தலையணை ஒன்றை அணைத்துக்கொள்ளச் சொல்லி, திண்டைக் கட்டிலுக்கு மேலே திரும்பக் கொண்டுவந்தோம். கருவி இப்போது டப்பாவில் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும் பையில் ஏறுகிறது.

நோட்டையும் கொண்டுவந்திருந்தார்கள். முதல் இரவுக்கு ஒன்பது குறிப்பு, இரண்டாவது இரவுக்கு நாலு. மூன்றாவது இரவுக்குத் தேதி மட்டும் இருந்தது. "தூங்கிவிட்டேன்" என்றார் ஆச்சி.