மதிலில் படம் கீற மாதிரிப் படம் செய்விக்கிறவர்கள், காசு கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் எங்கள் அக்கா நடத்துகிற முன்பள்ளியின் மதிலுக்குப் படம் கீறுவதற்காக, டவுனில் ஒரு டிசைன் கடையில் மாதிரிப் படம் செய்வித்தோம். மதிலைப் போட்டோ எடுத்துக் கொடுத்தால், படம் கீறி முடிந்த பிறகு மதில் எப்படி இருக்கும் என்று அப்படியே காட்டித் தருவோம் என்றார்கள். அதற்கு 18,000 ரூபா. வந்த படத்தைக் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சனம் பார்த்து, சந்தோசப்பட்டு, பெயின்டுக்கும் கூலிக்கும் காசு அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி அந்த மதிலில் கீறவே முடியாது என்று. கடையின் பெயரைப் போட நான் விரும்பவில்லை. இப்படிச் செய்கிற கடைகள் இன்னும் இருக்கும், அதனால் ஏமாற்று எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

மதில் 40 அடி நீளம், 8 அடி உயரம். இங்கே அனேகமாக எல்லாரும் சீமெந்துக் கல்லில்தான் மதில் கட்டுவார்கள், இது முன்பு இருந்தவர்கள் கட்டிப் பூசாமல் விட்ட செங்கல் மதில். ஒழுங்கை ஒடுக்கம் என்பதால் நேர் எதிரே நின்று முழு மதிலையும் எடுக்க முடியாது, கேற்றடியில் நின்று சரிவாகத்தான் எடுக்கலாம். அந்தப் போட்டோவில் கேற்றுப் பக்கம் மதில் உயரமாகத் தெரியும், மறு அந்தத்தில் அதே மதில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் தெரியும். செங்கல்லும் அப்படியே: கிட்ட இருக்கிற கல் பெரிதாக நீண்டு கிடக்கும், தூரத்துக் கல் ஒரு கோடு மாதிரி ஒடுங்கிவிடும்.

கடைக்காரர் தந்த படத்தில் வரிசையாகப் பனைகள், ஆடு, ஓடுகிற பிள்ளைகள், நடுவில் பெரிய எழுத்தில் முன்பள்ளியின் பெயர், தூரத்து அந்தத்துக்குக் கிட்ட ஒரு சூரியன். பார்க்க வடிவுதான். மேல் விளிம்பு மதிலின் மேல் விளிம்போடும், கீழ் விளிம்பு நிலத்தோடும் சரியாகப் பொருந்தியிருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கீறுவதற்கு வந்த ஓவியர் அண்ணை கோயில் சுவரிலும் பள்ளிக்கூட மதிலிலும் கன காலமாக வேலை செய்கிறவர். படத்தைப் பார்த்ததும் சூரியனைத்தான் தொட்டுக் காட்டினார். "பிள்ளை, இந்த இடத்திலை சூரியன் உருண்டையா இருக்கேலாது. கேற்றடியிலை நிண்டு பாத்தா உண்மையான உருண்டை ஒடுங்கி, நிமித்தி வைச்ச முட்டை மாதிரித்தான் தெரியும். இது போட்டோவிலை உருண்டையா இருக்கெண்டா மதிலிலை சப்பட்டையா வரும்." பிறகு பனைகளைப் பார்க்கச் சொன்னார். பனைகள் தூரம் போகப் போகக் குட்டையாகின, ஆனால் பனைக்கும் பனைக்கும் இடையில் இருந்த வெளி கடைசி வரைக்கும் குறையவே இல்லை. பக்கத்திலேயே செங்கல்கள் ஒடுங்கிக்கொண்டு போகின்றன, அதே மதிலில் பனைகளின் இடைவெளி மட்டும் ஒடுங்கவில்லை.

இதற்குக் காரணம் பிறகு எங்கள் மச்சான் சொல்லித்தான் விளங்கியது, அவர் போட்டோஷொப் வேலை தெரிந்தவர். படத்தின் நாலு மூலையையும் மதிலின் நாலு மூலைக்குக் கொண்டுபோக அதில் பல வழி இருக்கிறது. `Warp` என்பதில் மூலைகளைப் பிடித்து இழுத்தால் படம் இறப்பர்த் துணி மாதிரி இழுபட்டு அந்த வடிவத்துக்குள் அடங்கும், ஆனால் நீளப்பாட்டுக்கு அளவு ஏறக்குறைய சமமாகவே பங்கிடப்படும். `Distort` அல்லது `Vanishing Point` என்றால், தூரத்துப் பகுதி உயரத்தில் குறைவது மாதிரியே நீளத்திலும் நெருங்கும், கண்ணுக்குத் தெரிகிறபடி. `Vanishing Point` இல் முதலில் செங்கல் வரிகளைப் பிடித்து ஒரு கட்டம் போட வேண்டும், கட்டத்தின் கோடுகள் சீமெந்து வரிகளோடு கடைசி வரைக்கும் ஒத்துப் போனால்தான் படத்தை அதற்குள் விட வேண்டும். எங்கள் படத்தில் அந்த வேலை நடக்கவே இல்லை.

இதனால் வந்த பெரிய கேடு பெயர் விசயத்தில்தான். போட்டோவில் மதிலின் நாலு மூலைக்கும் குறுக்காக இரண்டு கோடு போடுங்கள், இரண்டும் வெட்டுகிற இடம்தான் உண்மையான நடு. எங்கள் போட்டோவில் அது கேற்றிலிருந்து படத்தின் முக்கால்வாசி தூரத்தில் விழுகிறது. அதாவது முதல் 20 அடி மதில் போட்டோவின் முக்கால்வாசியைப் பிடித்துக்கொள்கிறது, மற்ற 20 அடியும் மிச்சக் கால்வாசிக்குள் அடங்கிவிடுகிறது. கடைக்காரர் பெயரை வைத்தது போட்டோவில் தெரிகிற மதிலின் நடுவில். உண்மையான மதிலில் அந்த இடம் கேற்றிலிருந்து 10 அடி. டிசைனில் பெயர் நடுவில் இருக்கிறதே என்று ஓவியர் மதிலின் நடுவில், 20 அடியில், கீறியிருந்தால் அது நேராக மதிலுக்கு முன்னால் நிற்கிற மின்கம்பத்துக்குப் பின்னால் போயிருக்கும். மாதிரிப் படத்தில் பெயரும் கம்பமும் ஒன்றுக்கொன்று எட்ட, பெயர் முழுதாக வாசிக்கிற மாதிரி இருக்கிறது. அதைப் பார்த்துத்தானே வெளிநாட்டில் இருந்தவர்கள் ஓம் என்று சொன்னார்கள்!

இன்னொன்று, யாரும் வந்து மதிலை அளக்கவே இல்லை. போட்டோவில் ஒட்ட முதல் அவர்கள் செய்த தட்டை டிசைனைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது நீளம் உயரத்தைப் போல மூன்று மடங்கு. எங்கள் மதில் ஐந்து மடங்கு. 8 அடி உயரத்துக்கு அந்த டிசைன் 24 அடிதான் வரும், 40 அடிக்கு இழுத்தால் 3 அடி உயரச் சூரியன் 5 அடி அகலமாகும், பிள்ளைகள் எல்லாம் அதே கணக்கில் தடித்துப் போவார்கள். சரிவான போட்டோவில் இந்த வித்தியாசம் ஒளிந்துகொள்கிறது, எந்த அளவுப் படத்தையும் அந்தச் சரிந்த நாற்கோணத்துக்குள் இழுத்து விடலாம். நேரே எடுத்த போட்டோவில் ஒட்டியிருந்தால் முதல் பார்வையிலேயே பிடிபட்டிருக்கும்.

அடுத்தது செங்கல். படத்துக்கு மேலே செங்கல் வரிகள் தெரிகின்றனவே, உண்மையாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று அக்கா நினைத்தார். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். நான் போட்டோவைப் பெருப்பித்து எண்ணினேன். கேற்றுத் தூணுக்குப் பக்கத்தில் படம் படாமல் விட்ட துண்டில் நிலத்திலிருந்து மேலே 32 வரி. படம் இருக்கிற இடத்தில் 20 வரி. எங்கள் மதிலின் கல்லே இல்லை அது, எங்கேயோ எடுத்த ஒரு செங்கல் படத்தை மெல்லியதாக மேலே பரப்பிவிட்டிருக்கிறார்கள். அதோடு மத்தியானத்தில் மதிலில் விழுகிற வேப்பமர நிழல் படத்துக்குக் கிட்ட வந்ததும் கத்தியால் வெட்டினது போல நின்றுவிடுகிறது. இந்த இரண்டையும் போனிலேயே பார்க்கலாம்: ஒன்று வரி எண்ணுவது, மற்றது நிழல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது.

மச்சான் பிறகு சரியாகச் செய்து காட்டினார், அதையும் சொல்கிறேன், ஏனென்றால் கடையில் என்ன கேட்க வேண்டும் என்பது இதிலிருந்துதான் தெரியும். முதலில் டிசைனை 40க்கு 8 என்ற அளவில் திருத்திக்கொண்டு, `Vanishing Point` இல் மதிலோடு பொருத்தினார். அது முடிந்த பிறகுதான் செங்கல் வேலை, முறை மாறினால் பள்ளமும் மேடும் கல்லோடு ஒட்டாமல் போய்விடும். எங்கள் மதிலின் அதே போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி, கொஞ்சம் மங்கலாக்கி, போட்டோஷொப்பின் PSD பைலாகத் தனியாகச் சேமித்து, அதை `Filter > Distort > Displace` இல் கொடுத்தார். அது படத்தைக் கல்லின் பள்ளம் மேட்டுக்கு ஏற்ப நகர்த்தும்: நடுச் சாம்பல் நிறம் இருக்கிற இடத்தில் படம் அசையாது, இருட்டான சீமெந்து வரியில் ஒரு பக்கம் நகரும், வெளிச்சமான கல் முகத்தில் மறு பக்கம் நகரும். அளவு 100 என்று கொடுத்தால் 128 பிக்சல் வரைக்கும் நகர்ந்து படம் கிழிந்துவிடும், அவர் வைத்தது 5, ஆறு பிக்சல் சொச்சம். தூரத்து அந்தத்தில் கல் சின்னது என்பதால் அங்கே 5 கூட அதிகம், அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து 2 வைத்தார்.

நிறத்தில் ஒரு சங்கதி இருக்கிறது, இதைக் கவனிக்கிறவர்கள் குறைவு. படத்தை `Multiply` இல் விட்டால் வரியும் நிழலும் தானாக ஊடே தெரியும், ஆனால் செங்கல்லின் சிவப்பும் சேர்ந்து வரும். மஞ்சள் மண்ணிறமாகும், வெள்ளை மறைந்து செங்கல்லாகவே நிற்கும். உண்மையில் ஓவியர் முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று அடித்துவிட்டுத்தான் கீறுவார், ஆகவே அவ்வளவு சிவப்பு அடியிலிருந்து வராது. அதற்காக மச்சான் படம் வருகிற இடத்தில் மட்டும் மதிலைக் கறுப்பு வெள்ளையாக்கி, `Levels` இல் வெளிச்சம் கூட்டி, அதற்கு மேல்தான் படத்தை `Multiply` இல் வைத்தார். அப்போதுதான் வெள்ளை வெள்ளையாகவும், வேப்பமர நிழல் படத்தின் மேலால் ஒரே ஓட்டமாகவும் வந்தது. ஓவியர் அண்ணை பார்த்துவிட்டு, "ஓம், இது எங்கடை மதில்தான்" என்றார்.

2019 கடைசியில் நாடு முழுக்க இளையவர்கள் மதில் மதிலாகப் படம் கீறியபோது யாரும் இப்படி மாதிரிப் படத்துக்குக் காசு வாங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது இது ஒரு தொழிலாக வந்திருக்கிறது, வரட்டும், செய்கிற வேலைக்குக் காசு கேட்பதில் பிழை இல்லை. ஆனால் கடைக்குப் போய் இதையெல்லாம் காட்டியபோது கிடைத்த பதில், "அது சும்மா ஒரு ஐடியாவுக்குத்தானே அக்கா, அளவெல்லாம் பெயின்டர் பாத்துக்கொள்ளுவார்." முதல் நாள் சொன்னது அப்படியே காட்டித் தருவோம் என்று. காசைத் திருப்பிக் கேட்டோம், தர முடியாது என்றார்கள். திருத்தித் தரச் சொன்னோம், அதற்கு இன்னொரு 10,000 கேட்டார்கள்.

செய்விக்கப் போகிறவர்கள் மதிலின் நீளம் உயரத்தை நீங்களே அளந்து எழுதிக் கொடுங்கள். போட்டோவை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டொக்கியூமென்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் சுருங்கிப்போய்ச் சீமெந்து வரி தெளிவில்லாமல் போகும். மதிலின் அளவுக்கே செய்த தட்டை டிசைனும், லேயர் பிரிந்த PSD பைலும் தந்தால்தான் மிச்சக் காசு என்று முதலே சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அவர்கள் தந்தது ஒரு JPEG மட்டும்தான்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குப் புதுப் படத்தையும் பழையதையும் சேர்த்து அனுப்பி, பெயர் ஏன் கேற்றுப் பக்கம் 10 அடிக்கு வருகிறது என்று விளங்கப்படுத்தியிருக்கிறோம். ஓவியர் அண்ணை வெள்ளைப் பூச்சு அடித்து முடித்துவிட்டார். 18,000 ரூபா இன்னும் வரவில்லை. பழைய படம், புதுப் படம் இரண்டும் என்னிடம் இருக்கின்றன, வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்கள் கேட்டால் அனுப்புகிறேன்.