நண்பகலுக்கு முன் அணைந்துவிடும் அம்மாவின் போன்: நான்கு வழிகளில் எது உதவும்?

என் அம்மா வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருக்கிறார். நான் வத்தளையில் இருக்கிறேன், தம்பி லண்டனில். கோடைகாலத்தில் அவன் வேலைக்குக் கிளம்பும் காலை 8 மணி இங்கே மதியம் 12.30. அந்த நேரத்தில்தான் அவன் அம்மாவுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பான். ஆனால் அம்மாவின் போன் பெரும்பாலும் 12 மணிக்கு முன்பே அணைந்துவிடும். அவன் பதறிப்போய் என்னை அழைப்பான், நான் பக்கத்து வீட்டு அக்காவை அழைப்பேன். இரண்டு மாதம் இப்படியே போனது.

உறவினர்கள் நான்கு யோசனைகள் சொன்னார்கள்: பற்றரியை மாற்று, பவர் பேங்க் வாங்கிக் கொடு, Battery saver-ஐ எப்போதும் போட்டுவை, போனில் எது பற்றரியைத் தின்கிறது என்று பார்த்து அதை மட்டும் திருத்து. நான்கையும் யோசித்தேன், சிலவற்றைச் செய்தும் பார்த்தேன்.

முதலில் பற்றரி. போன்களில் இருக்கும் லித்தியம் அயன் பற்றரி பல நூறு தடவைகள் முழுதாக ஏறி இறங்கிய பின் தேயத் தொடங்கும். சுமார் 500 சுற்றுகளில் 80 சதவீதக் கொள்ளளவுக்கு வந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. அம்மாவின் போனுக்கு மூன்று வயது என்பதால் எனக்கும் அதே சந்தேகம்தான் வந்தது. கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவுக்குப் போனால் மாற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் காசு கொடுப்பதற்கு முன் செய்து பார்க்க ஓர் இலவசச் சோதனை இருக்கிறது. இரவு முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பிளக்கிலிருந்து கழற்றி, Airplane mode-இல் வைத்துவிட்டுக் காலையில் பார்க்க வேண்டும். நான் அங்கே தங்கிய ஒரு சனிக்கிழமை இரவு அதைச் செய்தேன். அம்மா தனியாக இருக்கும் இரவில் இதைச் செய்யக் கூடாது, அவசரத்துக்கு அழைக்கவும் முடியாது, அழைப்பும் வராது. இரவு 9 மணிக்கு 100 சதவீதமாக இருந்தது, காலை 6 மணிக்கு 97. சும்மா இருக்கும்போது பற்றரி இறங்கவில்லை. ஆகவே பற்றரியை மாற்றுவதற்கு முன் வேறு காரணத்தைத் தேடலாம் என்று நினைத்தேன். இரவிலேயே பெரிதாக இறங்கியிருந்தால், அல்லது 30 சதவீதம் காட்டிக்கொண்டே போன் திடீரென்று அணைந்திருந்தால், பற்றரியைத்தான் மாற்றியிருப்பேன். பின்பக்கம் உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம். சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பவர் பேங்க் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது வீட்டுக்கு வீடு அது தேவைப்பட்டது. கரண்ட் இருக்கும் வீட்டிலேயே இருக்கும் அம்மாவுக்கு அது சார்ஜ் போட வேண்டிய இரண்டாவது பொருள், அவ்வளவுதான்.

Battery saver-ஐத்தான் நான் முதலில் நம்பினேன். போட்ட பிறகும் போன் நண்பகல் தாண்டவில்லை. காரணம் பிறகு விளங்கியது. அது முக்கியமாக நாம் பார்க்காத நேரத்தில் பின்னணியில் ஓடும் செயலிகளைத்தான் கட்டுப்படுத்தும். அம்மாவின் போனில் பற்றரியைத் தின்றது கண் முன்னே ஓடியது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது, வட்ஸ்அப் தகவல்கள் சில தாமதமாக வந்தன. எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் கடுமையான சேமிப்பு முறையும் சில போன்களில் உண்டு. அதைப் போட்டால் தம்பியின் அழைப்பு மணியே அடிக்காமல் போகலாம். அந்த அழைப்புக்காகத்தானே இத்தனை பாடும்.

நான்காவது வழிக்கு வந்தபோதுதான் விடை கிடைத்தது. Settings-இல் Battery, அதற்குள் Battery usage என்று போனால் எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்று வரிசையாகக் காட்டும். யூடியூப் மற்ற எல்லாவற்றையும் விட எங்கோ மேலே நின்றது. அம்மா காலையில் சமையலறையில் ஒரு பக்திப் பாடலைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார். ஒரு பாடல்தான் போட்டேன் என்று உறுதியாகச் சொன்னார், அது உண்மைதான். ஆனால் அது முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும், பிறகு அடுத்தது. அம்மா குளிக்கப் போவார், பூசை அறைக்குப் போவார், போன் சமையலறை மேசையில் முழு வெளிச்சத்துடன் பாடிக்கொண்டே கிடக்கும். படம் ஓடும்வரை திரை தானாக அணையாது. அந்த மூலையில் சிக்னலும் குறைவு. சிக்னல் குறைந்த இடத்தில் போன் கோபுரத்தை எட்டுவதற்கு அதிக சக்தியைச் செலவழிக்கும்.

இன்னொன்றும் தெரிய வந்தது. இடையில் ஏன் சார்ஜ் போடவில்லை என்று கேட்டதற்கு, "முழுதாக இறங்கிய பிறகுதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி கெட்டுவிடும்" என்றார் அம்மா. அப்பா பழைய ரேடியோவுக்குச் சொன்ன விதி அது. நிக்கல் கட்மியம் பற்றரிக்கு அதில் நியாயம் இருந்தது. இன்றைய பற்றரிக்கு நேர்மாறு: அடிவரை இறங்கவிடாமல் இடையிடையே கொஞ்சம் ஏற்றுவதுதான் நல்லது. இதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க மாட்டேன். எத்தனையோ நாள் பயந்துகொண்டு சார்ஜ் போடாமலே இருந்திருக்கிறார்.

ஆகவே நான்காவது வழியையே எடுத்தேன். அடுத்து, அதை அம்மாவுக்கு எப்படி எழுதுவது என்ற கேள்வி. முன்பு ஒரு தடவை பன்னிரண்டு படிகளை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அம்மா முதல் படியிலேயே நின்றுவிட்டார். அந்தப் படிகளைப் பார்க்க வட்ஸ்அப்பைத் திறந்தால் Settings மறைந்துவிடும், Settings-க்குப் போனால் படிகள் மறைந்துவிடும். போன் அணைந்துவிட்டால் தகவலே இல்லை. அதனால் இந்தத் தடவை தாளில் பெரிய எழுத்தில் எழுதி, சார்ஜ் போடும் பிளக்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒரு முறை மட்டும் செய்ய வேண்டியதை நானே செய்துவிட்டேன்: யூடியூப்பில் படம் ஓடும்போது மேலே தெரியும் Autoplay பொத்தானை அணைத்தேன், Display-க்குள் Screen timeout-ஐ 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைத்தேன். இனிப் பாடல் முடிந்தால் திரையும் சற்று நேரத்தில் அணைந்துவிடும். தினமும் செய்ய வேண்டியது மட்டும் தாளில் இருக்கிறது:

"அம்மா,
1. பாடல் போட்டதும் திரையின் மேல் விளிம்பிலிருந்து விரலால் கீழே இழுங்கள். சூரியன் படம் உள்ள கோட்டைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள். கோடு தெரியாவிட்டால் இன்னொரு தடவை இழுங்கள்.
2. பாடல் கேட்கும்போது போனை முன்னறை மேசையில் வையுங்கள். அடுப்புப் பக்கமும் வெயில் படும் ஜன்னலும் வேண்டாம்.
3. காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது போனைச் சார்ஜில் போடுங்கள். எத்தனை சதவீதம் இருந்தாலும் போடலாம், பற்றரி கெடாது. பாத்திரம் கழுவி முடிந்ததும் கழற்றுங்கள்.
இவ்வளவும் செய்தும் 12 மணிக்கு முன் அணைந்தால், சார்ஜில் போட்டுவிட்டு எனக்கு ஓர் அழைப்பு எடுங்கள். நான் வந்து பார்க்கிறேன்."

மூன்றாவது படியில் மணிக்கணக்கு எழுதாமல் சாப்பாட்டையும் பாத்திரத்தையும் எழுதியதற்குக் காரணம், அம்மா காலையில் கடிகாரம் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டில் அது தேநீராக இருக்கலாம், செய்தி நேரமாக இருக்கலாம். அங்கே போடுங்கள்.

தாள் ஒட்டி மூன்று வாரமாகிறது. இரண்டு நாள் சார்ஜ் போட மறந்தார், அந்த நாட்களிலும் போன் மாலை வரை நின்றது. நேற்று 12.30க்குத் தம்பி பேசிக்கொண்டிருந்தபோது எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறான். அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்து, "அறுபத்தெட்டு" என்றாராம்.