வெர்சன்ட் தேர்வும் மாக் காலும்: எட்டு மாதப் பயிற்சியில் எனக்குப் பயன்பட்டவை

சென்னையில் வாய்ஸ் ப்ராசஸ், அதாவது கால் சென்டரில் போனில் பேசும் வேலை, தேடுகிறவர்களுக்கு வெர்சன்ட் தேர்வு புதிதல்ல. ஆங்கிலம் பேசும் திறனைக் கணினியே சோதிக்கும் தேர்வு அது, எதிரில் ஆள் இருக்காது. ஹெட்செட்டில் கேள்வி வரும், நாம் பதில் சொல்ல வேண்டும், ஏறக்குறைய 17 நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறினேன்.

என்னைக் கவிழ்த்தது, கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்லும் பகுதி. போகப்போக வாக்கியம் நீளும். நான் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து வைக்கப் பார்த்தேன். எட்டாவது சொல் வரும்போது முதல் சொல் போய்விடும். அப்புறம்தான் பொருளைப் பிடிக்கப் பழகினேன். "இஃப் இட் டஸின்ட் அரைவ் பை ஃப்ரைடே, கால் அஸ் பேக், அண்ட் வீ வில் செண்ட் அனதர் ஒன்" என்பது பதினைந்து சொல். ஆனால் வராவிட்டால், கூப்பிடு, வேறு அனுப்புவோம் என்று பார்த்தால் மூன்றே துண்டு. தினமும் கால் மணி நேரம் வானொலிச் செய்தியை நிறுத்தி நிறுத்தி, திருப்பிச் சொல்லி, செல்போனில் பதிவு செய்தேன்.

அந்தப் பதிவுகள்தான் என் உச்சரிப்பையும் காட்டிக்கொடுத்தன. கார்ட் என்பதை 'கார்டு' என்றும், பில் என்பதை 'பில்லு' என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒட்டும் அந்த உகரத்தை வெட்டவே இரண்டு மாதம் ஆனது. அமெரிக்கர் மாதிரி பேச முயன்றதை விட்டுவிட்டேன். வேகம் கூடியதே தவிர தெளிவு வரவில்லை. அயல் உச்சரிப்பைக் காது பழகினால் போதும். அமெரிக்கர் வாயில் ட்வென்ட்டி 'ட்வெனி' ஆகும். ஆஸ்திரேலியர் பலர் சொல்லும் டுடே நம் காதில் 'டுடை' என்று விழும்.

அடுத்த சுற்று மாக் கால். வாடிக்கையாளராக நடிப்பவர் ஒரு புகாரோடு அழைப்பார். பயிற்சி மையத்தில் கொடுத்த ஸ்கிரிப்டை நான் வரிக்கு வரி மனப்பாடம் செய்திருந்தேன். இரண்டு தடவை பணம் எடுத்துவிட்டார்கள் என்று அந்த அம்மா சொல்லி முடிப்பதற்குள் மன்னிப்புக் கேட்டேன். ஆர்டர் எண்ணை ஏற்கெனவே சொல்லியிருந்தார், அதையே மறுபடி கேட்டேன். அங்கேயே முடிந்தது. ஸ்கிரிப்டில் வணக்கம், ஹோல்ட், விடைபெறுதல் இவற்றை மனப்பாடம் செய்யலாம். நடுவில் இருப்பது கேட்டுத்தான் வர வேண்டும். அதனால் பெயர், எண், பிரச்சினை மூன்றையும் தாளில் குறித்துக்கொண்டு, பிரச்சினையை என் சொல்லில் ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டுத்தான் வருத்தம் தெரிவிக்கப் பழகினேன். ஹோல்ட் போடும் முன் அனுமதி கேட்டு, எத்தனை நிமிடம் என்றும் சொல்வேன்.

மூன்றாவது தடவை மாக் காலில் அழைத்தவர் தொகையை வேகமாகச் சொன்னார். ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று பிடிபடவில்லை. ஊகிக்காமல், "ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஸீரோ, மேடம்?" என்று கேட்டேன். "ஒன் ஃபைவ்" என்றார். தாளில் 15 என்று எழுதிக்கொண்டு மேலே பேசினேன்.