வீட்டிலிருந்து வெளிநாட்டு வேலை: நேரடி ஊழியரா, கான்ட்ராக்டரா, இ.ஓ.ஆரா?

வெளிநாட்டு நிறுவனம் ஒன்று உங்களை எடுக்கிறது, ஆனால் நீங்கள் உங்கள் நாட்டில் வீட்டில் இருந்தபடியேதான் வேலை செய்யப் போகிறீர்கள். அப்போது அவர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைச் சொல்வார்கள். அவர்களுடைய ஊழியராகவே நேரடியாகச் சம்பளப் பட்டியலில் சேர்ப்பது ஒன்று. கான்ட்ராக்டராக மாதாமாதம் இன்வாய்ஸ் அனுப்பச் சொல்வது இன்னொன்று. உங்கள் நாட்டில் இருக்கும் ஓர் இடைநிலை நிறுவனம் உங்களைத் தன் ஊழியராகச் சேர்த்துக்கொண்டு சம்பளம் கொடுப்பது மூன்றாவது, இதைத்தான் எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்ட், சுருக்கமாக இ.ஓ.ஆர். என்கிறார்கள். பலரும் கைக்கு வரும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். வரியை எந்த நாடு, யார் வழியாகப் பிடிக்கிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன, சிக்கலும் அங்கேதான் வருகிறது.

முதலில் அடிப்படை. ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் முழு வரி கேட்காமலிருக்க நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்வது இரட்டை வரி ஒப்பந்தம். ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு இதற்கென வகுத்த மாதிரி ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவைத்தான் உலகின் பெரும்பாலான இரட்டை வரி ஒப்பந்தங்கள் ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. தனியார் வேலைச் சம்பளத்துக்கு அது சொல்வது: நீங்கள் குடியிருக்கும் நாட்டில்தான் வரி, வேலையை வேறு நாட்டில் செய்தால் மட்டும் அந்த நாடும் கேட்கலாம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அது பார்ப்பதில்லை, நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதைப் பார்க்கிறது. (அரசு ஊழியருக்கும் இயக்குநர் குழுவில் இருப்பவருக்கும் விதி வேறு. ஒப்பந்தமே இல்லாத இரு நாடுகள் என்றால் கீழே சொல்வது பொருந்தாது.)

இனி நேரடி ஊழியர் வழி. வருடச் சம்பளம் 12,00,000 என்று வைத்துக்கொள்வோம், எந்தப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும். நிறுவனத்தின் சம்பளப் பிரிவு மற்ற ஊழியர்களைப் போலவே உங்களுக்கும் தன் நாட்டு வரியை 20 சதவீதம் பிடித்துவிடுகிறது: 2,40,000. வங்கிக்கு வருவது 9,60,000. உங்கள் நாட்டில் வரி 15 சதவீதம் என்றால், பலர் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். வங்கியில் வந்த 9,60,000-ஐ வருமானமாகக் காட்டுவது முதல் தவறு. வருமானம் என்பது பிடித்தத்துக்கு முந்தைய 12,00,000, வரி 1,80,000. "அங்கே ஏற்கெனவே 2,40,000 கட்டிவிட்டேன், இங்கே கழித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பது இரண்டாவது தவறு, இதுதான் ஆளைப் படுத்தி எடுப்பது. வெளிநாட்டில் கட்டிய வரிக்குச் சொந்த நாடு தரும் கழிவு, ஒப்பந்தப்படி அந்த நாட்டுக்கு உரிமை உள்ள வரிக்கு மட்டும்தான் கிடைக்கும். நீங்கள் ஒரு நாள்கூட அங்கே வேலை செய்யவில்லை, ஆகவே அந்த நாட்டுக்கு அந்த உரிமையே இல்லை. அந்த 2,40,000-ஐ அந்த நாட்டு வரித்துறையிடம் விண்ணப்பித்துத்தான் திரும்ப வாங்க வேண்டும். அது வரும் வரை உங்கள் கையில் நிற்பது 7,80,000.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. முதல் மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, பிடித்தங்கள் பகுதியில் வருமான வரி என்ற இடத்தில் பூஜ்யம் தவிர வேறு எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றே சம்பளப் பிரிவுக்கு எழுத வேண்டும். உங்கள் நாட்டு வரித்துறை தரும் குடியிருப்புச் சான்றிதழையும், வேலை எங்கே நடக்கிறது என்று சொல்லும் கடிதத்தையும் கேட்பார்கள். ஒரு மாதத்தில் நிறுத்திவிட்டால் போனது 20,000 மட்டும்.

அப்புறம் 183 நாள். "வருடத்தில் 183 நாளுக்குள் போய் வந்தால் அங்கே வரி கிடையாது" என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த விலக்குக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு, அவற்றில் ஒன்று உங்கள் முதலாளி அந்த நாட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது என்பது. உங்களுக்குச் சம்பளம் தருவதே அந்த நாட்டு நிறுவனம் அல்லவா, அதனால் விலக்கு அங்கேயே போய்விடுகிறது. வருடத்தில் 240 வேலை நாட்களில் 20 நாள் அவர்களுடைய அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்தீர்கள் என்றால், 12,00,000-இல் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 1,00,000-க்கு அவர்கள் முறைப்படி வரி கேட்கலாம். 20 சதவீதத்துக்கு 20,000. இதற்குக் கழிவு கிடைக்கும், ஆனால் அந்த 1,00,000-க்கு உங்கள் நாட்டில் வரும் 15,000 வரைதான், மீதி 5,000 உங்கள் செலவு. ஆகவே பயணத் தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

கான்ட்ராக்டர் வழியில் கதை மாறுகிறது. இப்போது உங்கள் வரவு சம்பளம் இல்லை, தொழில் வருமானம். கணினி, இணையம் போன்ற செலவுகளைக் கழிக்கலாம். ஆனால் ஐ.நா. மாதிரி ஒப்பந்தத்தில் 2017-இல் சேர்த்த 12ஏ பிரிவைப் போல சில ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கிறது: தொழில்நுட்பச் சேவைக்குப் பணம் கொடுக்கும் நாடு, வேலை எங்கே நடந்தாலும் ஒரு பங்கு வரி பிடிக்கலாம். ஊழியருக்குத் தரும் சம்பளத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதே 12,00,000, அதே வேலை, அதே மேசைதான். ஆனால் இங்கே 10 சதவீதம், 1,20,000 பிடித்தால் அது முறையான வரி. செலவு 2,00,000 போக லாபம் 10,00,000, உள்ளூர் வரி 1,50,000, அதில் 1,20,000 கழிந்து மீதி 30,000 கட்டினால் போதும். பிடித்தது மொத்தத் தொகையில், கழிவு கிடைப்பது லாபத்தின் வரியில், ஆகவே செலவு அதிகமாக இருந்தால் ஒரு பகுதி வீணாகும்.

கான்ட்ராக்டர் என்ற பெயர் மட்டும் போதாது. ஒரே வாடிக்கையாளர், அவர்கள் வைத்த நேரம், அவர்கள் தந்த லேப்டாப், அவர்களிடம் விடுப்பு கேட்பது என்றெல்லாம் இருந்தால் வரித்துறை உங்களை ஊழியர் என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்போது கழித்த செலவு செல்லாமல் போகும், சமூகப் பாதுகாப்புப் பணமும் பின்தேதியிட்டுக் கேட்கப்படலாம்.

சரி, இ.ஓ.ஆர்.? சம்பளம் கொடுப்பது உங்கள் நாட்டு நிறுவனம், அதனால் உள்ளூர் வரியை அவர்களே மாதாமாதம் பிடித்துக் கட்டுகிறார்கள், ஓய்வூதியம் போன்ற பிடித்தங்களும் ஒழுங்காகப் போகும். நீங்கள் அங்கே போய் வேலை செய்யாத வரை வெளிநாட்டு வரி இடையில் நுழைவதற்குக் காரணமே இல்லை. இதற்கு ஒரு கட்டணம் உண்டு, அதை உங்கள் சம்பளப் பேச்சில் சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொழில் நடத்திப் பழக்கமில்லாத, ஒரே நிறுவனத்துக்கு முழுநேரமும் உழைக்கும் ஒருவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், கொஞ்சம் குறைவாக வந்தாலும். நேரடி ஊழியர் வழியை, வரி பிடிக்க மாட்டோம் என்று நிறுவனம் எழுத்தில் கொடுத்தால் மட்டும் எடுக்கலாம். அந்த வழியில் உள்ளூர் வரியைத் தவணைத் தவணையாக நீங்களேதான் கட்ட வேண்டியிருக்கும், வருடக் கடைசி வரை விட்டால் வட்டி சேரும்.

இ.ஓ.ஆரிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் தன் பங்குகளை உங்களுக்கு நேரடியாகக் கொடுத்தால், அது இடைநிலை நிறுவனத்தின் சம்பளச் சீட்டில் வராமலே போகலாம். வரி பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. பங்கு உங்கள் கணக்குக்கு வந்த தேதியையும் அன்றைய விலையையும் தனியாக எழுதி வைத்து, வருமானத்தில் நீங்களே சேர்க்க வேண்டும்.