ஒன்பது பக்கக் கூட்டறிக்கையை ஒரு பக்கத் தீர்மானப் பதிவாக்க மூன்று வழிகள்

சிறுபோகத்துக்கு முந்திய எங்கள் கமக்காரர் அமைப்புக் கூட்டம் இரண்டரை மணித்தியாலம் நடந்தது. செயலாளர் என்ற முறையில் சீ.ஆர். கொப்பியில் ஒன்பது பக்கம் எழுதினேன். மூன்றாம் நாள் வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கும் ஐயா ஒருவர் வீட்டுப் படலையில் வந்து நின்று கேட்டார்: "பிள்ளை, இரண்டாம் வாய்க்காலை ஆர் துப்புரவாக்கிறது?" கொப்பியைப் புரட்டினேன். இரண்டாம் வாய்க்காலைப் பற்றி ஒரு முழுப் பக்கம் இருந்தது. அவர் கேட்டதற்குப் பதில் மட்டும் இல்லை.

அந்தப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: "வாய்க்கால் துப்புரவு பற்றி ஆராயப்பட்டது. இரண்டாம் வாய்க்காலில் புல் மண்டியிருப்பதால் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போவதில்லை என உறுப்பினர்கள் தெரிவித்தனர். சிரமதானமாகச் செய்யலாம் எனத் தலைவர் கூறினார். பெக்கோ பிடிப்பது பற்றியும் கதைக்கப்பட்டது. விதைப்புக்கு முன் துப்புரவு செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது."

கூட்டறிக்கையாகப் பார்த்தால் இதில் பிழை இல்லை. ஆனால் சிரமதானமா பெக்கோவா, யார் முன்னுக்கு நிற்பது, எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வழிகளைப் போகத்துக்கு ஒன்றாகச் செய்து பார்த்தேன். மூன்றையும் இந்த ஒரே வாய்க்காலை வைத்து ஒப்பிடுகிறேன்.

வழி ஒன்று: கூட்டம் முடிந்த பின் கொப்பியிலிருந்து பிரித்தெடுப்பது

பெரும்பாலான சங்கங்களில் நடப்பது இதுதான். அறிக்கையை ஆறுதலாக வாசித்து, தீர்மானங்களை மட்டும் தனித்தாளில் எழுதுவது. இதற்கு முதலில் வினைச்சொற்களைப் பார்க்கப் பழக வேண்டும். ஆராயப்பட்டது, கலந்துரையாடப்பட்டது, சுட்டிக்காட்டப்பட்டது, கவனத்தில் எடுக்கப்பட்டது என்று முடியும் வசனங்கள் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தீர்மானம் அல்ல. தீர்மானிக்கப்பட்டது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, முன்மொழிந்து வழிமொழியப்பட்டது என்பவைதான் தீர்மானம். இரண்டுக்கும் நடுவே 'கேட்டுக்கொள்ளப்பட்டது' என்று ஒன்று இருக்கிறது. அதுதான் ஆளை ஏமாற்றும். பொருளாளர் கணக்கைக் காட்டும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார் என்று எழுதியிருந்தால், அவர் ஓம் என்றாரா இல்லையா என்று அறிக்கை சொல்லாது. அதை அப்படியே குறும்பதிவில் பொருளாளரின் பொறுப்பாக ஏற்றினால், அவர் ஒத்துக்கொள்ளாத வேலையை அவர் தலையில் கட்டியதாகிவிடும்.

இரண்டாவது பாடம் எனக்குச் செலவோடு வந்தது. தண்ணீர் திறக்கும் திகதி ஏப்ரல் 20 என்று இரண்டாம் பக்கத்தில் தீர்மானித்தோம். துருசுத் திருத்த வேலை முடியாது என்று தெரிந்ததும் அதே கூட்டத்தில் ஏப்ரல் 27 என மாற்றினோம். அது ஏழாம் பக்கத்தில், வேறொரு கதையின் நடுவே இருந்தது. நான் முன்னாலிருந்து பின்னுக்கு வாசித்து 20 என்று பதிவில் எழுதிவிட்டேன். இரண்டு பேர் அந்தத் திகதியை நம்பி உழவு இயந்திரத்துக்கு முற்பணம் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் வராததால் அந்தக் கிழமை சும்மா போனது. பிறகு தண்ணீர் வந்தபோது உழவு இயந்திரக்காரர் வேறு இடத்தில் நின்றார். அதிலிருந்து அறிக்கையைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னுக்கு வாசிக்கிறேன். ஒரு விடயத்தைப் பற்றிப் பின்னால் கிடைக்கும் தீர்மானமே செல்லும். முன்னால் இருப்பதை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு விடுவேன்.

இந்த வழியின் உண்மையான எல்லை வேறு. கூட்டத்தில் சொல்லப்படாததை அறிக்கையிலிருந்து எடுக்க முடியாது. இரண்டாம் வாய்க்காலுக்கு ஆள் யார் என்று கூட்டம் கேட்கவே இல்லை. அதை நிரப்ப வாய்க்கால் பிரதிநிதிக்குத் தொலைபேசி எடுத்தேன். "நான் எப்ப பிள்ளை ஓமெண்டனான்?" என்றார். அவர் சொன்னது சரி. கூட்டத்தில் அவர் சொன்னது "பாப்பம்". எங்கள் பக்கத்தில் 'பாப்பம்' சம்மதம் அல்ல.

வழி இரண்டு: வலப்பக்க ஓரத்தில் நடவடிக்கை நிரல்

கந்தோர்களில் அனுப்பும் கூட்டறிக்கைகளில் வலப்பக்கத்தில் 'நடவடிக்கை' என்று ஒரு ஒடுங்கிய நிரல் இருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். அதையே கொப்பியில் செய்வது. கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொரு பக்கத்திலும் வலப்பக்கம் இரண்டு அங்குலம் விட்டு அடிமட்டத்தால் கோடு கீறிவிட வேண்டும். தீர்மானம் எழுதும் அதே வேளையில் பக்கத்தில் ஆளும் திகதியும் எழுத வேண்டும்.

இதன் பெரிய நன்மை வெற்றிடம் கண்ணில் படுவது. இடப்பக்கம் தீர்மானிக்கப்பட்டது என்று எழுதி வலப்பக்கம் வெறுமையாகக் கிடந்தால், பேனையை வைத்துவிட்டு "இது ஆர் செய்யிறது?" என்று அந்த இடத்திலேயே கேட்கலாம். தீர்மானமும் அதற்கான காரணமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். திகதி மாறினால் முந்தியதை ஒரு கோட்டால் வெட்டி, மாறிய பக்கத்தின் எண்ணை ஓரத்தில் எழுதிவிடலாம். ஏப்ரல் 20 சிக்கல் இதில் வந்திராது.

ஆனால் நிரலை நிரப்ப வேண்டும் என்ற அவசரத்தில் கை தானாக எழுதும் சொற்கள் இருக்கின்றன: அனைவரும், நிர்வாகம், உரியவர்கள். இந்த மூன்றையும் கண்டால் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நாலாவது, ஒரு திணைக்களத்தின் பெயர். 'மதகு திருத்தல்: கமநல சேவை நிலையம்' என்று ஒருமுறை எழுதியிருந்தேன். எங்கள் அமைப்பு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிந்த அமைப்புத்தான். ஆனால் எங்கள் கூட்டம் ஒரு கந்தோருக்கு வேலை பிரித்துக் கொடுக்க முடியாது. எங்கள் கையில் இருப்பது கடிதம் கொடுப்பது மட்டும். ஆகவே பொறுப்பு என்ற இடத்தில் வரவேண்டியது கடிதத்தைக் கொண்டுபோகும் எங்கள் உறுப்பினரின் பெயர், திகதி என்ற இடத்தில் கடிதம் கொடுக்கும் திகதி. மதகு எப்போது திருத்தப்படும் என்பது கந்தோரின் பதில் வந்த பிறகு எழுதும் வேறொரு வரி.

இன்னொரு குறை, இது கொப்பியோடு கிடக்கும். ஒன்பது பக்கத்தையும் படம் எடுத்து வைபர் குழுவில் போட்டேன். ஓர நிரலை வாசிக்க எவருக்கும் பொறுமை இருக்கவில்லை.

வழி மூன்று: கலையுமுன் தனித்தாளில் எழுதி உரத்து வாசிப்பது

கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கு ஒதுக்க வேண்டும். கூட்டம் நடக்கும்போதே தீர்மானம் வரும் ஒவ்வொரு முறையும் தனித்தாளில் ஒரு வரி குறித்து வைப்பேன். கடைசியில் எழுந்து நின்று ஒவ்வொன்றாக வாசிப்பேன். பெயருக்குரியவர் எல்லோருக்கும் கேட்க ஓம் சொல்ல வேண்டும். பாப்பம் என்றால், "எப்ப சொல்லுவியள்?" என்று கேட்டு அந்தத் திகதியை எழுதுவேன். அல்லது அங்கேயே வேறு ஆள் கேட்பேன்.

அடுத்த சிறுபோகக் கூட்டத்தில் அதே இரண்டாம் வாய்க்கால் மறுபடி வந்தது. "விதைப்புக்கு முன் துப்புரவு" என்று நான் வாசித்ததும் இரண்டு நிமிடம் சத்தமாகக் கதைத்தார்கள். விதைப்புக்கு முன் என்பதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக விளங்கியிருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. சிலருக்கு அது முதல் தண்ணீருக்கு முன், சிலருக்கு சேறடித்த பிறகு. தண்ணீர் ஓடும்போது வாய்க்காலில் இறங்கிப் புல்லு வெட்ட முடியாது. கடைசியில் எழுதிய வரி இது:

தீர்மானம்: இரண்டாம் வாய்க்கால், துருசிலிருந்து கடைசி மடை வரை, சிரமதானத்தால் துப்புரவு செய்வது. வராத பங்குக்காரர் ஒரு நாள் கூலி கட்டுவது.
பொறுப்பு: இரண்டாம் வாய்க்கால் பிரதிநிதி (ஓம் சொன்னார்)
திகதி: ஏப்ரல் 18, முதல் தண்ணீருக்கு இரண்டு நாள் முன்
முடிந்ததென அறிவது: தலைவர் கடைசி மடைவரை நடந்து பார்ப்பது
கூட்டறிக்கை: பக்கம் 5

திகதிக்குப் பக்கத்தில் எதற்கு முன் என்பதையும் எழுதியதைக் கவனியுங்கள். தண்ணீர் திறப்புப் பிந்தினால் துப்புரவு எவ்வளவு பிந்தலாம் என்று அதிலிருந்து தெரியும். திகதி மட்டும் இருந்தால் பிந்தியதா என்ற சண்டை வரும். 'முன்' மட்டும் இருந்தால் வேலை நடக்காது.

இந்த வழியிலும் பிழை வருகிறது. சுருக்கும்போது முதலில் விழுவது நிபந்தனை. 'மே 15 இல் குளத்து நீர்மட்டம் நாங்கள் குறித்த அளவுக்குக் கீழே போனால் முறை வைத்துத் தண்ணீர் விடுவது' என்று தீர்மானித்ததை, ஒரு வரிக்குள் அடக்க ஆசைப்பட்டு 'மே 15 முதல் முறைத் தண்ணீர்' என்று எழுதிவிட்டேன். நல்ல வேளையாக வாசித்தபோது ஒரு அம்மா பிடித்துவிட்டார். நிபந்தனை உள்ள வரிக்கு இப்போது இரண்டு பொறுப்பு எழுதுகிறேன். ஒருவர் அந்த நாளில் மட்டத்தைப் பார்த்துச் சொல்பவர், மற்றவர் அதன்பிறகு முறையை நடத்துபவர்.

கூட்டத்துக்கு வராதவரைப் பொறுப்பாக எழுதும் ஆசையும் வரும். வராதவரின் பெயரை எழுதுவதில்லை. அவரைக் கண்டு கேட்டுச் சொல்பவரின் பெயரையே எழுதுகிறோம். அப்புறம், பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலே எழும்பிப் போய்விடுவார்கள். ஆகவே கடைசிப் பத்து நிமிடம் என்பதைக் கூட்ட அழைப்பிலேயே நிகழ்ச்சி நிரலின் ஒரு அம்சமாக எழுதிவிட வேண்டும், நன்றியுரைக்கு முன்.

எதை எப்போது

எங்கள் சொந்தக் கூட்டங்களுக்கு மூன்றாவது வழிதான். ஆளும் திகதியும் ஆட்கள் இருக்கும்போது மட்டுமே கிடைக்கும். பிறகு எவ்வளவு கவனமாகப் பிரித்தெடுத்தாலும் அவை வராது. அதிகாரிகள் தலைமை தாங்கும் பெரிய போகக் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிடத்தை நாங்கள் கேட்டு வாங்க முடியாது. அங்கே ஓர நிரலோடு இருந்து, எங்கள் அமைப்புக்கு வரும் வேலைகளை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறேன். முதல் வழி நீங்கள் இல்லாத கூட்டத்துக்கும், முந்திய செயலாளர் விட்டுப்போன கொப்பிக்கும். அதில் எடுக்கும் பதிவில் ஆள் தெரியாத இடத்தைக் கோடு போட்டு வெறுமையாக விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

ஒரு பக்கம் வந்துவிட்டது என்று ஒன்பது பக்கத்தை எறிந்துவிடவும் கூடாது. எங்கள் சங்கத்தின் பழைய கொப்பிகள் 2009 இடப்பெயர்வோடு போய்விட்டன. யாருக்கு எத்தனை ஏக்கர் சிறுபோகப் பங்கு, ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்று இன்றும் வாயால்தான் வாதாடுகிறோம். ஆகவே குறும்பதிவின் ஒவ்வொரு வரியிலும் பக்க எண் இருக்கிறது. அந்தத் தாளைக் கொப்பியில் அதே கூட்டத்தின் அறிக்கையோடு ஒட்டி, இன்னொரு பிரதியைப் பொதுநோக்கு மண்டபக் கதவில் ஒட்டுகிறேன். அடுத்த கூட்டம் சென்ற கூட்டறிக்கை வாசிப்போடு தொடங்குவதில்லை. அந்தத் தாளை வரிவரியாக வாசித்து, முடிந்தது, முடியவில்லை, புதிய திகதி என்று எழுதிய பிறகே அறிக்கைக்கு வருகிறோம்.